சத்து மாத்திரை போட்டதும் ஏன் மலம் இறுகுகிறது?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கும் சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நான்காம் மாதத்திலிருந்து தினம் ஒன்று. ஆனால் அதில் சிறு பகுதியைத்தான் சிறுகுடல் உறிஞ்சிக்கொள்ளும். மீதி அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. மலம் கறுப்பாவது அதனால்தான். அதில் பயமில்லை.

பெருங்குடலோ ஏற்கெனவே மந்தமாகத்தான் இருக்கிறது. கர்ப்பத்தில் கூடும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் குடல் தசையைத் தளர்த்திவிடுகிறது. மலம் நகர நேரமாகிறது, அதற்குள் குடல்சுவர் அதிலுள்ள தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. அங்கே தங்கும் இரும்பு குடலை உறுத்தி, அதிலுள்ள நுண்ணுயிர்களின் போக்கையும் மாற்றுகிறது. பலருக்கு மலம் இன்னும் இறுகிவிடுகிறது.

இதற்காக மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் பெரிய தவறு. முதலில் போடும் நேரத்தைப் பாருங்கள். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதுவும் இரும்பு உடலில் சேருவதைக் குறைக்கும். சேராத இரும்பு குடலில்தான் மிஞ்சும். இரவுச் சாப்பாடு முடிந்து இரண்டு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாற்றோடு போட்டுக்கொள்ளலாம். கால்சியத்தைப் பகலில் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தட்டு. காலையில் இட்லி, மதியம் வெள்ளைச் சோறும் உருளைக்கிழங்குப் பொரியலும், இரவு தோசை என்று சாப்பிடுபவருக்கு நார்ச்சத்து 10 கிராம் சேர்ந்தாலே அதிகம். தேவையோ 25 முதல் 28 கிராம். காலையில் ஒரு கொய்யா, மதியம் ஒரு கிண்ணம் கீரை, சாயங்காலம் அரைக் கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சேர்த்தால் ஏறக்குறைய 15 கிராம் கூடிவிடும். மூன்றையும் ஒரே நாளில் ஆரம்பித்தால் வயிறு உப்பும். மூன்று நாலு நாளுக்கு ஒன்றாகக் கூட்டுங்கள்.

நாரைக் கூட்டும்போது தண்ணீரையும் கூட்டியே ஆகவேண்டும். நார் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் மலம் இளகுகிறது. தண்ணீர் இல்லாமல் நாரை மட்டும் சேர்த்தால் அடைப்பு கூடும். நாளுக்கு எட்டு முதல் பத்து டம்ளர் குடிக்கலாம். மோர், இளநீர், ரசம் எல்லாம் கணக்கில் சேரும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் போதவில்லை என்று அர்த்தம். இதய, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு செய்தும் ஒரு வாரத்தில் சரியாகாவிட்டால், இசப்கோல் உமி ஒரு ஸ்பூனை முழு டம்ளர் தண்ணீரில் கலக்கி உடனே குடிக்கலாம். இரும்பு மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். அடுத்த கட்டமாக டாக்டர்கள் பெரும்பாலும் லாக்டுலோஸ் சிரப் எழுதித் தருவார்கள். அதுவும் போதாவிட்டால் மாத்திரையின் வகையையோ அளவையோ அவர்களே மாற்றுவார்கள்.

வீட்டில் பெரியவர்கள் சொன்னாலும் விளக்கெண்ணெய் வேண்டாம்; கர்ப்பப்பையைச் சுருங்க வைக்கக்கூடியது அது. நிலாவாரைப் பொடியையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். மலத்தில் ரத்தம், தார் மாதிரி பிசுபிசுத்து நாறும் மலம், வாந்தியோடு வயிற்றுவலி, விட்டுவிட்டு அடிவயிறு இறுகுவது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.