மாதாமாதம் இரத்தம் வருகிறது, முட்டை வருகிறதா?

"பீரியட்ஸ் எல்லாம் கரெக்டா வருது டாக்டர். அதுல ஒரு பிரச்சினையும் இல்ல." குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்களிடமிருந்து நான் அடிக்கடி கேட்கும் வார்த்தை இது. பெரும்பாலானவர்களுக்கு அது உண்மையும்கூட. தேதி தவறாமல் மாதவிடாய் வந்தால் முட்டையும் தவறாமல் வெளியாகியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சிலருக்கு அப்படி இல்லை. இரத்தம் மட்டும் நாள் பிசகாமல் வரும், முட்டை வந்திருக்காது.

அந்த வார்த்தையைச் சொன்ன ஒரு பெண்ணைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 29. 29 முதல் 31 நாளுக்குள் மாதவிடாய் வந்துவிடும். 14 மாதங்களாகக் கர்ப்பத்துக்கு முயன்றுகொண்டிருந்தார். கணவரின் விந்தணுப் பரிசோதனையில் குறையில்லை. பேச்சோடு பேச்சாக அவர் சொன்ன ஒரு விஷயம் என் காதில் தங்கியது: "எனக்கு வலியே இருக்காது டாக்டர். மார்பு கனக்கிறது, கோபம் வருகிறது என்று மற்றவர்கள் சொல்வார்களே, அதுவும் கிடையாது. திடீரென்று பார்த்தால் வந்திருக்கும்." அதைத் தன் அதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தார்.

அது ஏன் எனக்கு உறுத்தியது என்று புரிய, சினைப்பையில் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு சுழற்சியிலும் முட்டையைச் சுமக்கும் ஒரு நீர்ப்பை வளர்கிறது. அது வளர வளர ஈஸ்ட்ரோஜன் கூடுகிறது, கருப்பையின் உள்படலம் தடிக்கிறது. நீர்ப்பை முதிர்ந்ததும் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச் என்ற ஹார்மோனை ஒரே வீச்சில் அனுப்புகிறது. நீர்ப்பை வெடித்து முட்டை வெளியே வருகிறது. வெடித்த நீர்ப்பை வீணாவதில்லை. அது கார்பஸ் லூட்டியம் என்ற சுரப்பியாக மாறி, ஏறக்குறைய இரண்டு வாரம் புரோஜெஸ்டிரோன் சுரக்கிறது. அது ஓய்ந்ததும் படலம் உதிர்கிறது. முறையான மாதவிடாய் அதுதான்.

எல்.எச் வீச்சு வராவிட்டால்? நீர்ப்பை கொஞ்சம் வளர்ந்து, வெடிக்காமலே சுருங்கிவிடும். அது சுருங்கும்போது ஈஸ்ட்ரோஜன் இறங்கும். அந்த இறக்கமே படலத்தை உதிர்க்கப் போதுமானது. வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் மாதவிடாய் போலத்தான் இருக்கும். ஆனால் அந்த மாதம் முட்டையும் இல்லை, புரோஜெஸ்டிரோனும் இல்லை. வழக்கமாக இப்படிப்பட்ட சுழற்சிகள் தாறுமாறாக வரும். 45 நாள், 70 நாள், அப்புறம் நிற்காத போக்கு என்று தானாகவே காட்டிக்கொடுத்துவிடும். சிலருக்கு மட்டும் நீர்ப்பைகள் வளர்ந்து சுருங்குவதே ஏறக்குறைய ஒரு மாதக் கணக்கில் அமைந்துவிடுகிறது. யாருக்கும் சந்தேகம் வராதது அப்போதுதான்.

மார்புக் கனமும் அடிவயிற்றுப் பிடிப்பும் பெரும்பாலும் புரோஜெஸ்டிரோன் வந்துபோனதன் தடயங்கள். அவை இல்லாததால் மட்டும் முட்டை வரவில்லை என்று சொல்லிவிட முடியாது. முட்டை ஒழுங்காக வந்தும் வலியே அறியாதவர்கள் நிறையப் பேர். ஆகவே இரத்தத்தில்தான் பார்க்க வேண்டும்.

அவர் ஏற்கெனவே வேறிடத்தில் 21ஆம் நாள் புரோஜெஸ்டிரோன் பார்த்திருந்தார். அளவு 1.1. ஒரு மில்லிலிட்டருக்கு 3 நானோகிராமுக்கு மேல் இருந்தால்தான் முட்டை வெளியானதாகக் கொள்கிறோம். ஆனாலும் அந்த முடிவை நான் அப்படியே ஏற்கவில்லை. 21ஆம் நாள் என்பது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. பார்க்க வேண்டியது அடுத்த மாதவிடாய்க்கு ஏறக்குறைய 7 நாள் முன்பு, புரோஜெஸ்டிரோன் உச்சத்தில் இருக்கும்போது. 35 நாள் சுழற்சி உள்ளவருக்கு அது 28ஆம் நாள். அப்படிப்பட்டவருக்கு 21ஆம் நாளில் எடுத்து, "உங்களுக்கு முட்டையே வரவில்லை" என்று சொல்லி மருந்து தொடங்குவதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். முட்டை அன்றைக்குத்தான் வெளியாகியிருக்கும்! இந்தப் பரிசோதனையில் எண்ணைவிட நாள் முக்கியம். இரத்தம் கொடுத்த தேதியையும் அதற்குப் பிறகு மாதவிடாய் வந்த தேதியையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

அதனால் 23ஆம் நாள் மறுபடி எடுத்தோம். 0.7 வந்தது. மாதவிடாய் 30ஆம் நாள் வந்தது, அதாவது சரியாக 7 நாள் கழித்து. நாள் தவறியது என்ற பேச்சுக்கே இடமில்லை. அதே மாதம் காலையில் படுக்கையை விட்டு எழும் முன் உடல் வெப்பநிலையையும் குறித்துவரச் சொல்லியிருந்தேன். முட்டை வெளியானால் வெப்பநிலை 0.3 டிகிரி செல்சியஸ் அளவுக்கு ஏறி, மாதவிடாய் வரை அங்கேயே நிற்கும். அவருடைய கோடு முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஏறவே இல்லை.

அடுத்த மாதம் 10ஆம் நாளிலிருந்து ஸ்கேன். வழக்கமாக நீர்ப்பை 18 மில்லிமீட்டரைத் தாண்டிய பிறகே வெடிக்கும். அவருக்கு 14 வரை வந்து, சில நாள் கழித்துப் பார்த்தபோது சுருங்கியிருந்தது. தொடர்ந்து இரண்டு மாதம். இது முக்கியம், ஏனென்றால் எப்போதாவது ஒரு மாதம் முட்டை வராமல் போவது ஆரோக்கியமான பெண்களுக்கும் நடக்கும். ஒரே ஒரு குறைந்த அளவை வைத்து யாரையும் பயமுறுத்தக் கூடாது.

வீட்டிலேயே சிறுநீரில் பார்க்கும் எல்.எச் ஸ்ட்ரிப்பைப் பற்றியும் கேட்டார். அது வீச்சு வந்ததை மட்டுமே சொல்லும், முட்டை வெளியானதை அல்ல. நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு எல்.எச் எப்போதுமே உயர்ந்திருக்கக்கூடும் என்பதால் பொய்யாக இரண்டு கோடு காட்டிவிடும். இன்னொன்று: மாத்திரை சாப்பிட்டு வரவழைக்கும் மாதவிடாயும், கருத்தடை மாத்திரையின் இடைவெளியில் வரும் இரத்தமும் முட்டைக்குச் சாட்சி ஆகாது. மருந்தை நிறுத்தியதால் உதிரும் படலம் அது.

சரி, அவருக்கு ஏன் வரவில்லை? தைராய்டு சரியாக இருந்தது. தாய்ப்பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் 54. எங்கள் ஆய்வகத்தின் மேல்வரம்பு 25. பதற்றத்தாலும் அது ஏறும் என்பதால், அரைமணி நேரம் உட்காரவைத்து மறுபடி எடுத்தோம், 49. புரோலாக்டின் கூடினால் மூளையிலிருந்து சினைப்பைக்கு வரும் சமிக்ஞை மங்கிவிடும். அப்போதுதான் என்னென்ன மாத்திரை எடுக்கிறீர்கள் என்று மீண்டும் கேட்டேன். முதல் தடவை "எதுவும் இல்லை" என்றவர், இப்போது யோசித்து, "காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை மட்டும்தான்" என்றார். ஒரு வருடத்துக்கும் மேலாக. அதில் அமிலம் குறைக்கும் மருந்தோடு டோம்பெரிடோனும் சேர்ந்திருந்தது. புரோலாக்டினைக் கூட்டும் மருந்து அது. சில மனநல மருந்துகளும் இதைச் செய்யும், ஆனால் அவற்றைக் கொடுத்த மருத்துவரைக் கேட்காமல் ஒருபோதும் நிறுத்தக் கூடாது.

கேஸ் மாத்திரையை நிறுத்தினோம். நாலாம் நாள் புரோலாக்டின் 14. மருந்தை நிறுத்தியும் இறங்காமல் இருந்திருந்தால் பிட்யூட்டரியில் கட்டி இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ பார்த்திருப்பேன். அவருக்குத் தேவைப்படவில்லை.

இரண்டாவது மாதம் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் கவலை. "நாலு நாளா மார்பு வலிக்குது, இன்னைக்கு அடிவயிறு பிடிச்சு இழுக்குது டாக்டர். பீரியட்ஸும் வந்துடுச்சு. மாத்திரைய நிறுத்தினதால ஏதாவது ஆயிடுச்சா?" ஒரு வாரம் முன்பு கொடுத்திருந்த இரத்தத்தின் முடிவை எடுத்துப் பார்த்தேன். புரோஜெஸ்டிரோன் 11.4.