அரபீஸி: எண்ணும் எழுத்தும் கலந்த அரபு

கெய்ரோவிலோ பெய்ரூட்டிலோ இருக்கும் நண்பரிடமிருந்து 7abibi என்று செய்தி வந்தால் அது தட்டச்சுப் பிழை அல்ல. அது ‘ஹபீபி’, அதாவது ‘அன்பே’ என்ற சொல். அங்கே 7 எண் அல்ல, எழுத்து. இப்படி ரோமன் எழுத்தும் எண்ணும் கலந்து அரபு எழுதும் முறைக்கு அரபீஸி என்று பெயர். ‘அரபி’யையும், ஆங்கிலத்தைக் குறிக்கும் ‘இங்கிலீசி’ என்ற அரபுச் சொல்லையும் ஒட்டிப் பிறந்த பெயர் இது. எகிப்தில் இதையே ஃபிராங்கோ என்கிறார்கள்.

1990களில் இணைய அரட்டையும் கைப்பேசியும் அரபு நாடுகளில் பரவியபோது, பல கருவிகளில் அரபு எழுத்தே இல்லை. இருந்த இடத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ரோமன் எழுத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள் கிடைக்கும்; அரபு எழுத்தில் அடித்தால் 70தான். சரி, ரோமனிலேயே அடிக்கலாம் என்றால், தொண்டையிலிருந்து வரும் சில அரபு ஒலிகளுக்கு அதில் எழுத்து கிடையாது. அதற்குத்தான் எண்கள் வந்தன. ع எழுத்தைக் கண்ணாடியில் பார்த்தால் 3 போல இருக்கும். ح எழுத்துக்கு 7, ஹம்ஸா என்னும் ء குறிக்கு 2. ஒலியை அல்ல, வடிவத்தைப் பார்த்துத்தான் பெரும்பாலும் எண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். புள்ளி வைத்த எழுத்துக்கு எண்ணோடு ஒரு மேற்கோள் குறி சேரும்: 3' என்றால் غ.

தமிழில் இதை ‘எண்கலப்பு அரபெழுத்து’ எனலாம். ‘அரட்டை அரபு’ என்றால் பேச்சு நடையைச் சொல்வதுபோல ஆகிவிடும். இங்கே மாறியிருப்பது எழுத்து மட்டுமே. இதை அரபு எழுத்துக்குக் கொண்டுபோகும் வேலையைப் பலரும் ‘எழுத்துப்பெயர்ப்பு’ என்கிறார்கள். ‘எழுத்து மீட்பு’ என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. காரணம், அரபீஸி காதில் விழுந்ததைப் பதிவு செய்கிறது. அரபு எழுத்திலோ சொல்லுக்கென்று ஒரு எழுத்துக்கூட்டல் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து மாற்றினால் அது கிடைக்காது, தேடி எடுக்க வேண்டும்.

ஒரு எகிப்தியச் செய்தியை எடுத்துக்கொள்வோம். பொருள்: ‘நாளைக் காலை வேலைக்குப் போகிறேன்.’

```
ana raye7 el sho3'l bokra el sob7
```

இதன் அரபு வடிவம்: أنا رايح الشغل بكرة الصبح

raye7 என்பதில் வரும் a நெடில், அதனால் அதற்கு எழுத்து உண்டு. sho3'l என்பதில் வரும் o குறில். அரபு எழுத்தில் அதை எழுதுவதில்லை, ஆகவே உதிர்ந்துவிடும். el தனிச்சொல்லாக நிற்காமல் அடுத்த சொல்லோடு ஒட்டும். பேச்சில் அது ‘எஷ்ஷுகல்’ என்று ஒலிப்பதால் சிலர் esh sho3'l என்றும் அடிப்பார்கள். அப்போதும் அரபில் ال என்றுதான் எழுத வேண்டும். bokra முடிவில் இருப்பது வெறும் a அல்ல, ة.

கடைசிச் சொல்தான் மிகவும் தொல்லை. sob7 என்பதில் உள்ள s, س ஆகவும் இருக்கலாம், ص ஆகவும் இருக்கலாம். முதலாவதைப் போட்டால் سبح, அதாவது ‘நீந்தினான்’. இரண்டாவதுதான் ‘காலை’. எழுத்தை மட்டும் பார்த்து இதைத் தீர்க்க முடியாது. முன்னால் ‘நாளை’ என்று இருப்பதுதான் வழிகாட்டுகிறது. 2007இல் வந்த யாம்லி போன்ற மாற்றிகள் ஒரு சொல்லுக்குப் பல வடிவங்களை முன்வைத்து, நம்மைத் தேர்ந்தெடுக்க விடுவது இதனால்தான்.

வட்டார வழக்கு இன்னொரு கண்ணி. ‘என் இதயம்’ என்பதற்கு அரபில் قلبي என்ற ஒரே எழுத்துக்கூட்டல்தான். ஆனால் கெய்ரோக்காரர் ق ஒலியைத் தொண்டையில் வெட்டிச் சொல்வதால் 2alby என்று அடிப்பார். மொராக்கோக்காரர் 9albi என்பார். அங்கே 9 என்றால் ق. வளைகுடாவில் அது galbi. அதே 9 வளைகுடாவில் ص ஆகிவிடும்; அதே 2, ‘கேள்வி’ என்று பொருள்படும் so2al சொல்லில் உண்மையான ஹம்ஸா. ஆக, எழுதியவர் எந்த ஊர்க்காரர் என்று தெரியாமல் அட்டவணையை மட்டும் வைத்து மாற்றினால் 2alby என்பது ألبي ஆகிவிடும். அரபியருக்கு அது உடனே கண்ணில் உறுத்தும்.

அப்புறம், எண் எண்ணாகவே வரும் இடமும் உண்டு. el sa3a 3 என்றால் ‘மணி மூன்று’. சொல்லுக்குள் இருக்கும் 3 எழுத்து, தனியே நிற்கும் 3 எண். சரியான மாற்றம் الساعة 3. இரண்டையும் ع ஆக்கிவிட்டால் சந்திக்கும் நேரமே செய்தியிலிருந்து காணாமல் போய்விடும்.