60 வாட் ஸ்பீக்கர் 40 வாட்டில் ஏன் கிழிந்தது?

சென்ற மாதம் என் பட்டறைக்கு ஒரு கிட்டார் ஆம்ப் வந்தது. ஒத்திகையின்போது பேஸ் கிட்டாரை அதில் மாட்டி ஒரு மணி நேரம் வாசித்திருக்கிறார்கள். "ஆம்ப் 40 வாட்தானே அண்ணா, ஸ்பீக்கரில் 60 வாட் என்று போட்டிருக்கிறதே, எப்படிக் கெட்டது?" என்று கொண்டுவந்த தம்பி கேட்டார்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன். 8 ஓம் ஸ்பீக்கர், 6.5 ஓம் காட்டியது. அது சரியான அளவு. ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான காயில் எரியவில்லை, கருகிய வாடையும் இல்லை. ஆனால் முன்னால் இருக்கும் கூம்பான கோனை இரண்டு கட்டைவிரல்களாலும் சமமாக மெல்ல அழுத்தியபோது கரகரவென்று உரசியது. கழற்றிப் பார்த்தால், காயில் பின்தகட்டில் இடித்து நசுங்கியிருந்தது. கோனின் விளிம்பும் கிழிந்திருந்தது.

ஸ்பீக்கரில் எழுதியிருக்கும் வாட், காயில் எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதற்கான கணக்கு. கோன் எவ்வளவு தூரம் முன்னும் பின்னும் போகலாம் என்பதை அது சொல்வதில்லை. கிட்டாரின் தடித்த தந்தி நொடிக்கு 82 முறை அதிர்கிறது. பேஸின் தடித்த தந்தி 41 முறை. அதிர்வெண் பாதியானால், அதே அளவு ஒலி எழுப்பக் கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். பல கிட்டார் ஸ்பீக்கர்களின் கோன் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு அசைவதற்கே செய்யப்பட்டது. பேஸ் ஸ்பீக்கர் பல மில்லிமீட்டர் போய்வரும்.

இந்த ஆம்பின் முதுகு திறந்திருந்ததும் ஒரு காரணம். முன்னால் வரும் தாழ்ந்த ஒலியைப் பின்னால் வரும் ஒலி சுற்றிவந்து அழித்துவிடும். கோனைத் தாங்கப் பெட்டிக்குள் காற்றழுத்தமும் இராது. ஒலி போதவில்லை என்று அவர்கள் மேலும் திருகியிருக்கிறார்கள்.

வாட் இரட்டிப்பானால் ஒலியும் இரட்டிப்பாகாது. 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 மடங்கு வாட் வேண்டும். ஒரு வாட்டுக்குக் கிட்டார் ஸ்பீக்கர் 100 டெசிபலும் பேஸ் ஸ்பீக்கர் 96 டெசிபலும் தருவதாக வைத்துக்கொள்வோம். அந்த 4 டெசிபலை ஈடுகட்டவே 40 வாட் 100 வாட்டாகிவிடும். தாழ்ந்த ஒலிக்கு நம் காதும் மந்தம். கிட்டார் ஆம்ப் திணறி உடையும்போது வரும் ஒலியைக் கலைஞர்கள் விரும்பிக் கேட்கிறார்கள். பேஸுக்குப் பெரும்பாலும் சுத்தமான ஒலி வேண்டும். அதற்குத் தேவைக்கு மேல் கொஞ்சம் வாட் கையிருப்பில் இருக்க வேண்டும். அதனால்தான் 40 வாட் கிட்டாருக்குப் பக்கத்தில் நிற்கும் பேஸுக்கு 200, 300 வாட் கேட்கிறோம். 1969இல் வந்த ஆம்பெக் எஸ்விடி என்ற பேஸ் ஆம்ப் 300 வாட்.

வேறு வழியில்லாமல் கிட்டார் ஆம்பில் பேஸ் வாசித்தால், பேஸ் திருகைக் குறைத்து, பேச்சுக்குரல் அளவில் வாசியுங்கள். கோன் படபடத்தாலோ 'டப்' என்று இடித்தாலோ உடனே நிறுத்துங்கள். பேஸ் ஆம்பில் கிட்டார் மாட்டினால் ஒன்றும் கெடாது. 1950களில் பேஸுக்காகவே வந்த ஃபெண்டர் பேஸ்மேன் ஆம்பைக் கிட்டார் கலைஞர்கள்தான் அதிகம் தேடி வாங்கினார்கள்.