குன்றுக்கு ஏது தரம்?

"குன்றின் தரம் 8 சதவீதம்" என்று ஓட்டப் பயிற்சிக் குறிப்பு ஒன்றில் மறுபடியும் பார்த்தேன். அரிசிக்குத் தரம் உண்டு, துணிக்கு உண்டு. குன்றுக்கு ஏது?

ஏற்றம் எவ்வளவு செங்குத்து என்பதை ஆங்கிலத்தில் கிரேட் என்பார்கள், அதைத்தான் தரம் என்று பெயர்த்திருக்கிறார்கள். அந்தச் சொல்லின் வேர் லத்தீன் 'கிராதுஸ்'. அடி, படி என்று பொருள். அதிலிருந்து வகுப்பு, மதிப்பீடு என்று ஒரு கிளை போனது. இலங்கையில் ஐந்தாம் வகுப்பைத் தரம் 5 என்பது அந்தக் கிளை, அது சரி. நம் மொழிபெயர்ப்பாளர் அகராதியின் முதல் பொருளோடு எழுந்துவிட்டார்.

இன்னொரு கூட்டம் 'சரிவு' என்கிறது. மூச்சு வாங்க மேலே ஏறுகிறவனிடம் சரிவு என்றால் கால் கீழ்நோக்கித்தான் போகும். கொத்தனார் சொல்லும் 'வாட்டம்' எனக்கு மிகப் பிடித்த சொல். மாடியில் தண்ணீர் நிற்காமல் ஓட வாட்டம் கொடுப்பார்கள். ஆனால் ஓட்டக்காரர் வாட்டம் என்று எழுதினால், ஆள் வாடிவிட்டார் என்றே படிப்பார்கள். பள்ளிக் கணக்கில் ஏற்கெனவே 'சாய்வு' இருக்கிறது. உயரத்தைக் கிடைத்தூரத்தால் வகுத்தது அது. நூறால் பெருக்கினால் சதவீதம். புதுச்சொல் எதற்கு?

எங்கள் குன்றுச் சாலையையே எடுத்துக்கொள்வோம். சாலையோரமாக அளந்த நீளம் 200 மீட்டர், ஏறும் உயரம் 16. சாலை நீளம் சாய்ந்த கோடு என்பதால் கிடைத்தூரம் கொஞ்சம் குறையும்:

```
கிடை   = √(200² − 16²) = 199.36
சாய்வு  = 16 ÷ 199.36 × 100 = 8.03 %
கோணம் = asin(16 ÷ 200) = 4.6°
```

நீளத்தாலேயே வகுத்திருந்தாலும் 8 சதவீதம்தான். ஓடும் சாலைகளில் அந்த வித்தியாசம் பொருட்டில்லை. பொருட்டானது கோணத்தையும் சதவீதத்தையும் குழப்புவது. 8 டிகிரி என்றால் 14 சதவீதம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. 45 டிகிரிதான் 100 சதவீதம். அப்புறம் உயர அளவு: கைக்கடிகாரம் 4 மீட்டர் தவறினால் 8 என்பது 6 ஆகவோ 10 ஆகவோ மாறிவிடும். அதனால் பல முறை ஏறி இறங்கிச் சராசரி எடுக்கிறேன்.

அடுத்த எரிச்சல் ரிப்பீட்டுக்கு 'மீள்நிகழ்வு'. நிகழ்வு தானாக நடப்பது. இங்கே நான் அல்லவா ஓடுகிறேன்? 'தடவை' போதும். ஆறு தடவை ஏற்றம், இறங்கும்போது இரண்டு நிமிட மெல்லோட்டம். போன வாரம் முதல் தடவை 60 நொடி, அதாவது மணிக்கு 960 மீட்டர் உயரம் ஏறும் வேகம். ஐந்தாவது 62. ஆறாவது 66 நொடி ஆனது, வேகம் 873க்கு இறங்கிவிட்டது. தொடக்கத்தில் அவசரப்பட்டிருக்கிறேன். இந்த வாரம் முதல் தடவையை 62இல் வைத்து, ஆறாவதும் அதே நேரத்தில் வருகிறதா பார்க்க வேண்டும்.