லிப்பிடைச் சங்கிலி ஆக்காதீர்கள்

முதலாண்டு மாணவர்களின் அசைன்மென்ட் கட்டை நேற்று இரவு திருத்தி முடித்தேன். வருடா வருடம் கொடுக்கிற கேள்விதான்: கார்போஹைட்ரேட், புரதம், லிப்பிடு, நியூக்ளிக் அமிலம் நான்கையும் கட்டமைப்பு அலகு, பிணைப்பு, பணி ஆகியவற்றின் அடிப்படையில் ஒப்பிடுக. பாதிக்கு மேற்பட்ட தாள்களில் ஒரே அட்டவணை. லிப்பிடுக்கான வரிசையில் ஒரே வாக்கியம்: "கொழுப்பு அமிலமும் கிளிசராலும் மோனோமர்கள், இவை எஸ்டர் பிணைப்பால் இணைந்து லிப்பிடு என்ற பாலிமர் உருவாகிறது." வகுப்பில் மூன்று முறை சொன்ன பிறகும் இப்படி. சரி, எழுதியே தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

பாலிமர் என்றால் பெரிய மூலக்கூறு என்று மட்டும் பொருள் இல்லை. அலகைச் சேர்த்த பிறகும் அடுத்த அலகைச் சேர்க்க இடம் மிச்சம் இருக்க வேண்டும். இரண்டு அமினோ அமிலங்கள் பெப்டைடு பிணைப்பால் சேர்ந்தால் ஒரு நீர் மூலக்கூறு வெளியேறும். ஆனால் ஒரு முனையில் அமினோ தொகுதியும் மறுமுனையில் கார்பாக்சில் தொகுதியும் அப்படியே காத்திருக்கும். மூன்றாவது வரலாம், முந்நூறாவதும் வரலாம். குளுக்கோஸும் அப்படித்தான். அதன் நிறை 180; கிளைக்கோசிடிக் பிணைப்பில் நீருக்காக 18 கழிந்து, சங்கிலியில் சேரும் ஒவ்வொரு குளுக்கோஸும் 162 கூட்டிக்கொண்டே போகும்.

இப்போது கொழுப்புக்கு வாருங்கள். பாமாயிலில் இருக்கும் பால்மிடிக் அமிலத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் நிறை 256, கிளிசராலின் நிறை 92. ஒரு கிளிசராலுடன் மூன்று பால்மிடிக் அமிலம் சேர்ந்தால் 92 + 768 = 860. மூன்று எஸ்டர் பிணைப்புக்கு மூன்று நீர், அதாவது 54 போனால் மிச்சம் 806. இதுதான் டிரைபால்மிடின். கதை அங்கேயே முடிந்தது. கிளிசராலின் மூன்று -OH தொகுதிகளும் தீர்ந்துவிட்டன. பால்மிடிக் அமிலத்தின் மறுமுனையில் இருப்பது வெறும் -CH₃. நான்காவது ஆள் வந்தால் கைகொடுக்க யாரிடமும் கை இல்லை. எஸ்டர் பிணைப்பு இருக்கிறது, நீர் வெளியேறுகிறது, எல்லாம் சரி. சங்கிலி எங்கே?

கொலஸ்டிரால் இன்னும் மோசம். நான்கு வளையங்கள் ஒட்டிய அமைப்பு அது. அதில் கொழுப்பு அமிலமும் இல்லை, கிளிசராலும் இல்லை, எஸ்டரும் இல்லை. ஆனாலும் லிப்பிடுதான். ஏனென்றால் மற்ற மூன்றையும் வகைப்படுத்துவது அமைப்பைப் பார்த்து. லிப்பிடை வகைப்படுத்துவது கரைதிறனைப் பார்த்து. நீரில் கரையாது, குளோரோஃபார்மில் கரையும். எனவே அந்தக் கட்டத்தில் "எல்லா லிப்பிடுக்கும் பொதுவான அலகு கிடையாது; கொழுப்பில் மட்டும் கிளிசராலும் மூன்று கொழுப்பு அமிலங்களும்" என்று எழுதுங்கள். கட்டம் அழகாக இருக்காது. பரவாயில்லை.

இந்தக் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். பதினொன்றாம் வகுப்பில் திசுவை டிரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தில் அரைத்து வடிகட்டும் பாடம் ஒன்று உண்டு. கரையாமல் தங்கும் பகுதியில் புரதம், நியூக்ளிக் அமிலம், பாலிசாக்கரைடுகளோடு லிப்பிடும் இருக்கும். உடனே அதுவும் பெருமூலக்கூறு என்று மனதில் பதிந்துவிடுகிறது. உண்மையில் அரைக்கும்போது செல் சவ்வு உடைந்து சிறு பைகளாகச் சுருண்டுகொள்கிறது. அந்தப் பைகள்தான் கரையாமல் தங்குகின்றன. சவ்வில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் லிப்பிடுகளுக்கு இடையே சகப்பிணைப்பு எதுவும் கிடையாது. கூட்டம் வேறு, சங்கிலி வேறு.

அடுத்த எரிச்சல் சிறியது. நியூக்ளிக் அமிலத்துக்கு எதிரே "ஹைட்ரஜன் பிணைப்பு" என்று மட்டும் எழுதிவிட்டு வருகிறார்கள். பி.சி.ஆர். கருவியில் டி.என்.ஏ.வை சுமார் 95 டிகிரி வரை சூடாக்குகிறோமே, என்ன ஆகிறது? இரண்டு இழைகளும் பிரிகின்றன. ஒவ்வொரு இழையும் முழுசாகவே இருக்கிறது. பிரிந்தவை ஹைட்ரஜன் பிணைப்புகள். இழையைத் தாங்கி நிற்பது பாஸ்போடைஎஸ்டர் பிணைப்பு. கேள்வி நியூக்ளியோடைடுகளை எது கோக்கிறது என்பது. எனவே முதலில் எழுத வேண்டியது அதைத்தான்.

கார்போஹைட்ரேட் வரிசையில் தயவுசெய்து "கிளைக்கோசிடிக்" என்பதோடு நிற்காதீர்கள். ஆல்பா 1,4 என்றால் சோற்றில் இருக்கும் ஸ்டார்ச், பீட்டா 1,4 என்றால் நீங்கள் எழுதிக் கொடுத்த தாளின் செல்லுலோஸ். அலகு இரண்டிலும் குளுக்கோஸ்தான். முதலாவது நமக்குச் செரிக்கும், இரண்டாவது செரிக்காது. பிணைப்புக்கும் பணிக்கும் உள்ள தொடர்பைக் காட்ட இதைவிட எளிய உதாரணம் இருக்கிறதா என்ன?

தாள் திரும்பி வந்தவர்கள் அட்டவணையை மறுபடி எழுத வேண்டாம். திங்கட்கிழமை டிரைபால்மிடினைக் கையால் வரைந்து, நான்காவது கொழுப்பு அமிலம் எங்கே ஒட்டும் என்று அம்புக்குறி போட்டுக் காட்டுங்கள். இடம் கிடைத்தால் முழு மதிப்பெண்ணும் தருகிறேன்.