"நல்லா சூடாக்கித்தானே குடுத்தேன் டாக்டரே?"

திங்கட்கிழமை காலை பத்தரை மணி இருக்கும். தக்கலை பக்கம் இருக்கும் என் கிளினிக்கில் ஒரே ஆட்டோவிலிருந்து நாலு பேர் இறங்கினார்கள், ஒரு அம்மா, அவருடைய தங்கை, இரண்டு பையன்கள். நாலு பேருக்கும் வாந்தி. காய்ச்சல் இல்லை, வயிற்றுப்போக்கும் பெரிதாக இல்லை. முந்தின நாள் வீட்டில் பால்காய்ப்பு என்றதும் விருந்துச் சாப்பாட்டில்தான் ஏதோ என்று முதலில் நினைத்தேன். ஆனால் அந்த விருந்தை நூறு பேர் சாப்பிட்டிருக்கிறார்கள், மற்ற யாருக்கும் ஒன்றுமில்லை. காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. மிச்சம் வந்த சோற்றை எட்டு மணிக்கு எலுமிச்சைச் சோறாகக் கிளறியிருக்கிறார்கள். தோசை கேட்டு அடம்பிடித்த கடைக்குட்டி மட்டும் ஆட்டோவில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஆவி பறக்க சூடாக்கித்தானே குடுத்தேன் டாக்டரே?" என்றார் அந்த அம்மா. உண்மைதான், அவர் பொய் சொல்லவில்லை.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சாதாரணமாகவே இருக்கும், மண்ணிலிருந்து வருபவை. சோறு கொதிக்கும்போது மற்ற கிருமிகள் செத்துப்போகும், இந்த வித்துகள் சாகாது. சோறு வெதுவெதுப்பாக நிற்கும் நேரத்தில் முளைத்துப் பெருகும். அப்படிப் பெருகும்போது சோற்றிலேயே ஒரு நஞ்சை விட்டுவைக்கும். அந்த நஞ்சுக்குச் சூடு ஒரு பொருட்டே இல்லை, குக்கரில் போட்டு விசிலடித்தாலும் அழியாது. காலையில் கிளறியபோது கிருமி செத்திருக்கலாம், அது விட்டுப்போன நஞ்சு அப்படியே இருந்தது. சாப்பிட்ட அரைமணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி வருவது இதனால்தான், கிருமி வயிற்றில் போய்ப் பெருகவேண்டிய வேலையே இல்லை. (பரிமாறுபவர் கையிலிருந்து வரும் ஸ்டாஃபிலோகாக்கஸும் இதே மாதிரி செய்யும். சோற்றை நான் பரிசோதனைக்கு அனுப்பவில்லை. எதுவானாலும் தப்பு நடந்த இடம் ஒன்றுதான்.)

அந்த இடம் காலை அடுப்பு இல்லை, முந்தின நாள் சாயங்காலம். மதியம் ஒரு மணிக்குப் பந்தி முடிந்ததும் மிச்சச் சோற்றை எல்லாம் பெரிய சருவத்தில் அமுக்கி, தட்டு போட்டு மூடி, அடுக்களை மூலையில் வைத்திருக்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு எடுத்துப் பார்த்தபோது மேலே ஆறியிருந்தது, நடுவில் கைவிட்டால் இளஞ்சூடு. "கெடல டாக்டர், வாடை ஒண்ணும் இல்ல" என்றார். வாடையை நம்பக்கூடாது என்பதற்கு இதுவே சாட்சி. நஞ்சு சேர்ந்த சோறு வாடையோ நிறமோ மாறாமல் இருக்கலாம். ஆழமாகக் குவித்த சோறு தானே ஒரு போர்வை, நம்மூர் வெக்கையில் அதன் நடு மணிக்கணக்கில் அந்த இளஞ்சூட்டிலேயே நிற்கும், கிருமிக்கு அதுதான் வேண்டும்.

என்ன செய்திருக்க வேண்டும்? பந்தி முடிந்த கையோடு, மிச்சத்தை அகலமான தாம்பாளங்களில் இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மூடாமல் ஃபேனுக்குக் கீழே வைத்தால் அரைமணியில் ஆறிவிடும். பிறகு சின்ன, தட்டையான பாத்திரங்களில் போட்டு பிரிட்ஜில் ஏற்ற வேண்டும், மொத்தமும் ஒரு மணி நேரத்துக்குள். லேசாக வெதுவெதுப்பு இருந்தாலும் பரவாயில்லை. சூடாக வைத்தால் பிரிட்ஜ் கெட்டுப்போகும் என்று ராத்திரிவரை வெளியே வைப்பதுதான் இந்த ஊரில் நான் அதிகம் பார்க்கும் தப்பு. மறுநாளைக்குள் தீர்த்துவிடுங்கள். தேவையானதை மட்டும் எடுத்து, ஒரே ஒரு முறை ஆவி பறக்கச் சூடாக்குங்கள், அதில் மிஞ்சினால் கொட்டிவிட வேண்டியதுதான்.

அப்போ பழங்கஞ்சி? இதை எல்லாரும் கேட்பார்கள். ஆறின சோற்றில் நல்ல தண்ணீர் நிறைய ஊற்றி வைத்தால் புளிக்கும், அந்தப் புளிப்பு இந்தக் கிருமியைப் பெருகவிடாமல் பிடித்துவைக்கும். நானும் மோர்மிளகாயோடு குடிக்கிறவன்தான். ஆனால் ராத்திரி முழுக்க வெறும் சோறாகக் கிடந்ததில் காலையில் தண்ணீர் ஊற்றினால் அது பழங்கஞ்சி ஆகாது, சேர்ந்த நஞ்சு புளிப்பிலும் போகாது.

நாலு பேருக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசலைக் கரண்டி கரண்டியாகக் கொடுக்கச் சொன்னேன். ஆன்டிபயாட்டிக் எழுதவில்லை, நஞ்சை அது ஒன்றும் செய்யாது. பொதுவாக ஒரு நாளில் அடங்கிவிடும். பிள்ளைகள் தூங்கி வழிந்தாலோ, ஒன்றுக்குப் போகாமல் இருந்தாலோ, கண் மஞ்சளித்தாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னேன், அபூர்வமாக இந்த நஞ்சு ஈரலைத் தாக்குவதுண்டு.

கிளம்பும்போது அந்த அம்மா திரும்பி நின்று, "சருவத்துல இன்னும் பாதி கெடக்கு, கோழிக்குப் போடட்டா?" என்றார். வேண்டாம், தென்னை மூட்டில் குழி வெட்டிப் புதையுங்கள் என்றேன்.