ஃப்ளோட்டி: மிதப்பு அன்று, கனம் தப்புதல்

அனிமேஷன் வேலை நடக்கும் அறைகளில், திருநெல்வேலியானாலும் சென்னையானாலும், ஒரு காட்சியைத் திருப்பி அனுப்பும்போது அடிக்கடி சொல்லப்படும் சொல் ‘ஃப்ளோட்டி’ என்பது. நீரும் துணியும் முடியும் தமக்குரிய எடையோடு அசையாமல் பஞ்சுபோல் அலைவதை அது குறிக்கும். மிதத்தலைக் குறிக்கும் ஃப்ளோட் என்ற ஆங்கில வினையிலிருந்து அது பிறந்தது. ஓடுதலைக் குறிக்கும் ஃப்ளோவும் கப்பற்படையைக் குறிக்கும் ஃப்ளீட்டும் அதற்கு உறவான சொற்களே.

ஆகவே ‘மிதப்பு’ என்று பெயர்த்துவிடலாம் என்று தோன்றும். எங்கள் பக்கத்தில் அது சரிவராது. ‘அண்ணாச்சி, தண்ணி மெதக்குது’ என்று ஓர் இளைஞர் என்னிடம் சொன்னபோது, தண்ணீரின் மேல் எது மிதக்கிறது என்றுதான் நான் திரையில் தேடினேன். போதாக்குறைக்கு, ‘மெதப்புல இருக்கான்’ என்றால் இங்கே செருக்கையும் குடிமயக்கத்தையும் குறிக்கும். ‘எடையின்மை’ என்பதோ விண்வெளி வீரர்களுக்கு உரிய சொல்லாக நிலைத்துவிட்டது.

பொருத்தமான சொல்லைத் தேடுமுன், பிழை எங்கே இருக்கிறது என்று பார்க்கவேண்டும். அன்று பார்த்த காட்சி தாமிரபரணிப் படித்துறையில் ஒருவர் செம்பைக் கவிழ்ப்பது. செம்பின் விளிம்பிலிருந்து படிக்கு நாலடி, அதாவது சுமார் 1.2 மீட்டர். விழும் பொருள் அந்த உயரத்தைக் கடக்க அரை வினாடி ஆகும். வினாடிக்கு 24 பிரேம் என்றால் 12 பிரேம். அந்தப் பன்னிரண்டையும் மும்மூன்றாகப் பிரித்தால், நீர் முதல் மூன்றில் ஏறத்தாழ 8 செ.மீ., அடுத்த மூன்றில் 23, பிறகு 38, கடைசியில் 54 செ.மீ. இறங்கவேண்டும், ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என்ற அடுக்கு அது. எங்கள் காட்சியிலும் அடுக்கு சரியாகவே இருந்தது, ஆனால் நீர் படியைத் தொட 38 பிரேம் ஆயிற்று.

காரணம் அளவுகோல். உருவத்தைச் செய்தவர் ஆளை 1.7 மீட்டருக்குப் பதில் 17 மீட்டர் உயரமாகச் செய்திருந்தார். கேமராவைத் தள்ளி வைத்துவிட்டதால் திரையில் அது தெரியவில்லை. மென்பொருளோ நீர் நாலடி விழுகிறது என்று அறியாமல் நாற்பதடி விழுவதாகவே கணக்கிட்டது. உயரம் பத்து மடங்கானால் விழும் நேரம் பத்தின் வர்க்கமூலமான 3.16 மடங்காகும், 12 பிரேம் 38 ஆனது அப்படித்தான். புவியீர்ப்பைப் பத்து மடங்காக்கி இதைச் சமாளிப்பவர்கள் உண்டு. விழுதல் சரியாகிவிடும், ஆனால் துணியின் மேல் காற்றின் தடையும் நீர்த்துளியின் பருமனும் பழைய பிழையிலேயே நிற்கும் என்பதால், காட்சியையே பத்தில் ஒன்றாகச் சுருக்குவதுதான் முறை.

இதனால் மெதுவாக அசைவதெல்லாம் பிழை என்று கொள்ளக்கூடாது. குற்றாலத்தில் அருவியின் உடல் பாய்ந்து இறங்க, அதன் பக்கத்திலேயே சாரல் அலைந்து நிற்கிறது. 2 மி.மீ. துளி காற்றில் வினாடிக்கு ஆறு மீட்டருக்கு மேல் வேகம் கொள்ளும், 0.1 மி.மீ. திவலையோ சுமார் 25 செ.மீ. வேகத்துக்குமேல் போகாது. இரண்டையும் ஒரே வேகத்தில் விட்டால் அருவி பஞ்சாகும், இல்லையேல் சாரல் மணலாகும். புகையும் அவ்வாறே: ஊதுவத்திப் புகை சூட்டினால் முதலில் ஒரே இழையாக விரைந்து ஏறி, ஒரு சாணுக்குமேல் கலைந்து சுருண்டு, ஆறியபின் தயங்குகிறது. அடியிலிருந்து முடிவரை ஒரே வேகத்தில் ஏறும் புகைதான் பொய்யாகத் தெரியும்.

நனைந்த வேட்டியை உதறும்போது கை நின்றபின்னும் முந்தி தன் போக்கில் சென்று, வெட்டி நின்று, தொடையில் ஒட்டிக்கொள்கிறது. காய்ந்த வேட்டிக்குரிய எடையையே கணினியில் விட்டுவிட்டால் அது நனைந்த நிறத்தோடு காற்றில் விரியும். எண்ணெய் தேய்த்துப் பின்னிய சடையும் அப்படித்தான். தலை திரும்பியபின் நுனி பிந்தி வந்து முதுகில் அடிக்கவேண்டும்.

ஆக, குறை கனம் இல்லாமை அன்று. சாரலுக்குக் கனம் மிகக் குறைவு, ஆயினும் அதன் அசைவு சரி. ஒவ்வொன்றுக்கும் உரிய கனத்துக்கு ஏற்ற காலத்தில் அசைவு நிகழாமையே குறை. தாளம் தப்பிற்று, சுருதி தப்பிற்று என்று நாம் சொல்லும் வழக்கை ஒட்டி இதைக் ‘கனம் தப்புதல்’ என்று சொல்லலாம் என்பது என் கருத்து. பெயரடையாகக் ‘கனம் தப்பிய அசைவு’ என வரும். ‘அண்ணாச்சி, மூணாவது ஷாட்டுல தண்ணி கனம் தப்பிட்டு’ என்றால், எதைத் திருத்தவேண்டும் என்று கேட்பவருக்கு உடனே விளங்குகிறது.